இரண்டாண்டு என்று எழுதிய செல்வராணி

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் கூலாய் நகரில், காலணிக் கடை ஒன்றின் மேல்மாடியில், ‘அருகிருப்போம்’ என்னும் சிறிய அறநிறுவனம் இயங்குகிறது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனை அனுப்பிவைத்த நோயாளிகளை அவரவர் வீட்டிலேயே சென்று பார்ப்பது அதன் பணி. வலி மருந்தின் அளவைச் சரிபார்ப்பது, புண்ணைக் கழுவிக் கட்டுவது, உலர்ந்த வாயை எவ்வாறு துடைக்க வேண்டும் என்று வீட்டாருக்குக் கற்றுக்கொடுப்பது ஆகிய அனைத்தையும் கட்டணமின்றிச் செய்கிறார்கள். அங்கே தாதியர் இருவர் இருக்கின்றனர். மருத்துவர் ஒருவர் வாரத்தில் ஒருநாள் சம்பளம் வாங்காமல் வருகிறார். இங்கே வேலைக்கு ஆள் தேடிச் சேர்ப்பவர் செல்வராணி. ஐம்பத்து நான்கு வயதான அவருக்கு மனிதவள அலுவலர் என்பது பதவியின் பெயர். ஆனால் தொலைபேசியை எடுப்பதும், கட்டுத்துணி வாங்கி வருவதும், மேல்மாடிப் படிக்கட்டைக் கூட்டுவதும் அவரே.

அதற்கு முன் பத்தொன்பது ஆண்டுகள் சேனாய்ப் பகுதித் தொழிற்சாலைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் முகவர் நிறுவனம் ஒன்றில் அவர் வேலை பார்த்தார். அங்கே வேலைச் செய்தி எழுதுவதற்கு ஒரு முறை இருந்தது. நல்லதை முதல் வரியில் எழுத வேண்டும். கெட்டதை எழுதவே கூடாது. பன்னிரண்டு மணி நேர வேலையும் ஞாயிற்றுக்கிழமை வேலையும் சேர்த்தால் கிடைக்கக்கூடிய தொகையைச் சம்பளம் என்று போடுவார்கள். விடுதி இலவசம் என்பார்கள். ஓர் அறையில் பதினான்கு பேர் என்பதைச் சொல்ல மாட்டார்கள். ஆள் வந்து ஒரு மாதம் தங்கினால் போதும், முகவருக்குரிய தரகுப் பணம் வந்துவிடும். இரண்டாம் மாதம் பையைத் தூக்கிக்கொண்டு அலுவலக வாசலில் வந்து நிற்கும் பெண்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் செல்வராணிதான். அவர்கள் திட்டிவிட்டுப் போனால் அவருக்கு ஆறுதலாக இருக்கும். திட்டாமல், பேருந்து எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனவர்களைத்தான் அவரால் மறக்க முடியவில்லை.

கணவர் விஜயனுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபின், அவர் வாழ்ந்த கடைசிப் பதினொரு வாரங்களும் ‘அருகிருப்போம்’ தாதி சிந்துஜா வீட்டுக்கு வந்து பார்த்தார். காரியங்கள் முடிந்த மறுமாதமே செல்வராணி முகவர் வேலையை விட்டுவிட்டு, ஏறக்குறையப் பாதிச் சம்பளத்துக்கு இந்த மேல்மாடிக்கு வந்து சேர்ந்தார். இங்கே எழுதும் வேலைச் செய்தியில் முதலில் குறைகளைத்தான் எழுதுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். ஒவ்வொரு வரியையும் அது யாருக்குத் தெரிந்த விஷயமோ அவரிடமே படித்துக் காட்டிய பிறகுதான் அனுப்புவார். தூரத்தைத் தாதியிடம் கேட்பார். சம்பளத்தைக் கணக்கரிடம் கேட்பார். கேட்காமல் எழுதிய வரி எதுவும் தம் செய்தியில் இல்லை என்று அவர் கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு.

ஆண்டு முடியும் தறுவாயில் பாலோவுக்கு ஒரு தாதி தேவைப்பட்டார். பாலோ கூலாயிலிருந்து வெகு தொலைவு. அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கம்பங்கள் எனப்படும் மலாய்க் கிராமங்களிலும் ஒன்பது நோயாளிகள் இருந்தனர். சிந்துஜாவால் மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் அங்கே போக முடிந்தது. மூன்று வாரம் என்பது அந்த நோயாளிகளில் சிலருக்கு மிச்சமிருக்கும் காலத்தைவிட அதிகம். அவ்வட்டாரத்துக்கென்றே ஒரு தாதியை வைத்துக்கொள்ள நிறுவனத்தில் பணமில்லை.

நிறுவனம் நிதி திரட்ட நடத்திய தீபாவளி விருந்தில் அந்தக் குறை தீர்ந்ததாக எல்லோரும் நம்பினர். வட்டாரத்தில் உள்ள மின்னணுத் தொழிற்சாலை ஒன்றின் மேலாளர்கள் மேடையேறி, பாலோ தாதிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஆகும் செலவை ஏற்பதாக அறிவித்து, ஆறடி நீள அட்டைக் காசோலை ஒன்றைத் தந்தார்கள். நன்கொடை கொடுக்கும்போது படம் எடுப்பதற்காகச் செய்யப்படும் மாதிரிக் காசோலை அது, வங்கியில் செல்லாது. உண்மையான பணம் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு தவணை தவணையாக வரும். அட்டையின் ஒரு மூலையை நிறுவனத்தின் தலைவரும் ஓய்வுபெற்ற மருந்தாளருமான ஹேமநாதன் பிடித்துக்கொண்டார். மறுமூலையைச் செல்வராணியிடம் கொடுத்தார்கள். விருந்து முடிந்ததும் அதைக் காரின் பின்னிருக்கையில் குறுக்காகச் செருகி எடுத்து வந்து, அலுவலகச் சுவரில் சாய்த்து வைத்தனர்.

அடுத்த வாரம் செல்வராணி செய்தியை எழுதத் தொடங்கினார். வழக்கம்போல் ஒவ்வொரு வரியாகக் கேட்டு எழுதினார். நிதியைப் பற்றிய வரி வந்தபோது, ‘மேடையில் அறிவித்துள்ளார்கள், ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை’ என்று எழுதி, ஹேமநாதனிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஹேமநாதன் முழுவதையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இதப் படிச்சா நானே வேலைக்கு வரமாட்டேன், செல்வராணி. எல்லாத்திலயும் இல்ல, இல்லன்னுதான் இருக்கு. பணமாவது இருக்குன்னு போடுங்கம்மா. அவ்வளவு பேர் முன்னுக்கு மேடையில கொடுத்தத யாரு லா திருப்பி வாங்குவாங்க?”

செல்வராணி சுவரில் சாய்ந்திருந்த அட்டையைப் பார்த்தார். நல்லதாக ஒரு வரியாவது இருக்கட்டும் என்று அவருக்கும் தோன்றியது. அந்த வரியை அழித்துவிட்டு வேறு வரி எழுதினார். யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் கேட்டாயிற்று என்றும் நினைத்துக்கொண்டார். ஆனால் அந்த வரியை அறிந்தவர் ஹேமநாதன் அல்லர். தொழிற்சாலையின் நிதிப் பிரிவினர். அவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும் என்று செல்வராணிக்குத் தோன்றவில்லை.

செய்தி இருபத்து மூன்று தாதியருக்குப் போயிற்று. கெலாங் பாத்தாவில் வசிக்கும் கஸ்தூரிக்கு வந்தது இப்படி இருந்தது:

“வணக்கம், கஸ்தூரி. நான் செல்வராணி. கூலாயில் உள்ள அருகிருப்போம் அமைப்பில் ஆள் சேர்ப்பவர். உங்களோடு தாதிமை படித்த சிந்துஜா உங்கள் பெயரைத் தந்தார்.

பாலோ வட்டாரத்தில், வீட்டில் இருந்தபடியே இறக்கப்போகும் நோயாளிகளைப் பார்க்க ஒரு தாதி தேவை. தமிழும் மலாயும் பேச வேண்டும். மலேசியத் தாதியர் வாரியத்தின் நடப்பாண்டுச் சான்றிதழ் இருக்க வேண்டும்.

சம்பளம் மாதம் 3,200 ரிங்கிட். சேமநிதியும் சொக்சோ சமூகக் காப்புறுதியும் உண்டு. போனஸ் இல்லை. இதைவிடக் கூடுதலாகத் தர எங்களால் இயலாது. ஆகவே, பேரம் பேசி உங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.

உங்கள் சொந்தக் காரை ஓட்ட வேண்டும். கிலோமீட்டருக்கு அறுபது சென் தருவோம். தோட்டச் சாலைகளில் கார் படும் பாட்டுக்கு அது போதாது. நீங்கள் விடுப்பு எடுத்தால் உங்களுக்குப் பதிலாகச் செல்ல ஆளில்லை. பதவி உயர்வு இல்லை. உங்களுக்கு மேலே பதவியே இல்லை. நீங்கள் பார்க்கும் நோயாளிகளில் எவரும் குணமடைய மாட்டார்கள். ஆனால் வலியில்லாமல் தூங்குவார்கள். நீங்கள் செல்லாவிட்டால் அதுவும் இராது.

இப்பணிக்கு இரண்டு ஆண்டுகளுக்கான நிதி கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாது.

முடிவெடுக்கும் முன் ஒருநாள் எங்களோடு சுற்றுக்கு வந்து பாருங்கள். பிறகு வேண்டாம் என்று தோன்றினால் காரணம் சொல்லத் தேவையில்லை.”

பதினான்கு பேரிடமிருந்து பதிலே வரவில்லை. ஆறு பேர் நன்றி கூறி மறுத்தனர். இருவர், சம்பளத்தில் ஓர் எண் விடுபட்டுவிட்டதா என்று கேட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சிரிக்கும் முகம் ஒன்றையும் சேர்த்து அனுப்பியிருந்தார். நான்காம் நாள் கஸ்தூரியின் பதில் வந்தது.

“அக்கா, நாலு நாளா உங்க மெசேஜத்தான் திரும்பத் திரும்ப படிக்கிறேன். வேல மெசேஜ்ல யாரும் இப்படி எழுதி நான் பாத்ததில்ல. சுத்துக்கு வரலாமா?”

கஸ்தூரிக்கு வயது முப்பத்தெட்டு. சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் பதினொரு ஆண்டுகளாகத் தாதியாக இருந்தார். வேலை நாள்களில் அதிகாலை நான்கு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டு, சிங்கப்பூருக்குச் செல்லும் இரண்டாம் பாலத்தின் வழியாகப் பேருந்தில் கடலைக் கடந்து வேலைக்குச் செல்வார். மகள் விழித்திருக்கும்போது அவர் வீட்டில் இருப்பது வாரத்தில் இரண்டு நாள்தான். கணவர் காளிதாஸ் துறைமுகத்தில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுபவர். இருவர் சம்பளத்திலும் வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தது. சிங்கப்பூர்ச் சம்பளத்தை ரிங்கிட்டாக மாற்றினால், செல்வராணி எழுதிய தொகையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் வரும்.

ஆகவே, அவர் ஏன் சுற்றுக்கு வர விரும்பினார் என்று செல்வராணிக்கே வியப்பாக இருந்தது. அதற்கான விடையைச் சிந்துஜாதான் தெரிந்துகொண்டு வந்து சொன்னார். கஸ்தூரியின் தாயார் பாலோவுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் இறந்தவர். எலும்புவரை பரவிய மார்புப் புற்றுநோய். கடைசி ஒன்பது நாளும் வலியால் கத்திக்கொண்டே இருந்திருக்கிறார். அதே ஒன்பது நாளும் கஸ்தூரி கடலுக்கு அப்பால், முன்பின் தெரியாதவர்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின் என்னும் வலி மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். விடுப்புக் கிடைத்து வந்து சேர்ந்தபோது, கத்திக் கத்தித் தாயாரின் குரல் போயிருந்தது.

சுற்று ஒரு வியாழக்கிழமை நடந்தது. அன்று சிந்துஜாவும் கஸ்தூரியும் ஐந்து வீடுகளுக்குச் சென்றார்கள். நான்காவது வீடு வீரமுத்துவுடையது. எழுபது வயதைக் கடந்த அவர் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். நாக்கில் புற்றுநோய் வந்து பேச்சு நின்றுவிட்டது. பள்ளிப் பயிற்சிப் புத்தகம் ஒன்றில் எழுதித்தான் பேசுவார். கன்னத்துப் புண்ணின் நாற்றத்தால் பேரப் பிள்ளைகள் அறைக்குள் வருவதில்லை என்று மருமகள் வெட்கத்தோடு சொல்லியிருக்கிறார். கஸ்தூரி மாத்திரை ஒன்றைப் பொடியாக்கிப் புண்ணின்மேல் தூவிக் கட்டும் முறையை அந்தப் பெண்ணுக்குக் காட்டிக்கொடுத்தார். இரண்டு மூன்று நாளில் நாற்றம் குறையும் என்றார். வீரமுத்து புத்தகத்தை எடுத்து, ‘இனி நீங்களா வருவீங்க?’ என்று எழுதிக் காட்டினார். பிப்ரவரி முதல் தேதியிலிருந்து வருவேன் என்று கஸ்தூரி சொல்லிவிட்டார். திரும்பும் வழியில், நேர்காணலுக்கு முன்பே வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சிந்துஜா கேலி செய்தபோதுதான் அவருக்கே அது உறைத்ததாம்.

நேர்காணலுக்குக் காளிதாஸும் வந்தார். மனைவி பேசிக்கொண்டிருந்தபோது கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“மத்ததெல்லாம் சரிக்கா. இவ முகத்தப் பாத்தாலே தெரியுது, எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல. அந்த ரெண்டு வருஷம் மட்டும் கன்பர்ம்தானே?”

“கன்பர்ம்தான் தம்பி,” என்றார் செல்வராணி. அட்டைக் காசோலை அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. காளிதாஸ் அதை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

கணவனும் மனைவியும் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார்கள். சேமிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தால் இரண்டு ஆண்டுகள் தாங்கும்; அதற்குள் காளிதாஸுக்குப் பாரந்தூக்கிப் பிரிவில் மேற்பார்வையாளர் பதவி கிடைக்கும். இரண்டு ஆண்டு என்ற அந்த எண்ணின் மேல்தான் அவர்கள் எல்லாவற்றையும் அடுக்கியிருந்தார்கள். நவம்பர் இறுதியில் கஸ்தூரி வேலையை விட்டு விலகும் கடிதம் கொடுத்தார். இரண்டு மாத முன்னறிவிப்பு. டிசம்பரில், சொந்தக் கார் வேண்டும் என்று செய்தியில் இருந்ததால், பழைய மைவி கார் ஒன்றைக் கடனில் வாங்கினார்கள். மகளைப் பள்ளியிலிருந்து இனித் தாமே அழைத்து வருவதாகச் சொல்லி, பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த அண்டை வீட்டு அம்மாளிடம் கஸ்தூரி விடைபெற்றுக்கொண்டார். இவை ஒவ்வொன்றையும் அவர் செல்வராணிக்கு எழுதித் தெரிவித்தார். செல்வராணியும் ஒவ்வொன்றுக்கும் மகிழ்ச்சி என்று பதில் எழுதினார்.

ஜனவரி இருபதாம் தேதி தொழிற்சாலையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. வெளிநாட்டில் உள்ள தலைமையகம் உற்பத்திப் பிரிவுகளில் ஒன்றை மூடப்போகிறது, இந்நிலையில் கையெழுத்தாகாத நன்கொடைகள் அனைத்தையும் நிறுத்திவைக்கும்படி உத்தரவு வந்துள்ளது, வருந்துகிறோம். மேடையில் அட்டையைத் தந்த மேலாளரே தொலைபேசியில் அழைத்து ஹேமநாதனிடம் மன்னிப்புக் கேட்டார். தம் வேலையும் போகும்போல் இருக்கிறது என்றார். அவர்மேல் கோபப்படவும் இயலவில்லை.

செயற்குழு மறுநாள் கூடியது. கையிலிருந்த பணம் இப்போதிருக்கும் இரு தாதியரையும் மருந்தையும் ஜூன் மாதம்வரை தாங்கும். மூன்றாம் தாதியைச் சேர்த்தால் ஏப்ரலில் எல்லாமே நின்றுவிடும். தம் சம்பளத்தை நிறுத்திவிட்டு அதைக் கஸ்தூரிக்குக் கொடுக்கலாம் என்று செல்வராணி சொன்னார். அதைச் சேர்த்துப் பார்த்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் போகாது என்று தெரிந்தது. பாலோ தாதியை எடுப்பதில்லை என்று முடிவாயிற்று. கஸ்தூரிக்கு அதைத் தாம் எழுதித் தெரிவிப்பதாக ஹேமநாதன் சொன்னார். எழுத வேண்டாம், நேரில் போகிறேன் என்றார் செல்வராணி. ஹேமநாதன், அந்த வரியை மாற்றச் சொன்னது தாம்தான் என்று அங்கே சொல்லும்படி அவரைக் கேட்டுக்கொண்டார். எழுதிய கை என்னுடையது, சார், என்று மட்டும் செல்வராணி பதில் சொன்னார்.

அவர் கெலாங் பாத்தாவுக்குச் சென்றது சனிக்கிழமை பிற்பகல். கஸ்தூரிக்கு அன்று விடுப்பு. முன்னறிவிப்புக் காலத்தில் இன்னும் ஐந்து நாள் வேலை மிச்சமிருந்தது. வீட்டு வாசலில் வெள்ளை மைவி நின்றது. அதன் பின்னிருக்கையில் கட்டுத்துணிகள் வைப்பதற்காக வாங்கிய பிளாஸ்டிக் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. கஸ்தூரி சிரித்த முகத்தோடு வெளியே வந்து, முன்கூட்டியே சொல்லியிருந்தால் சமைத்திருப்பேனே என்று குறைபட்டுக்கொண்டார். காளிதாஸ் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டுச் செல்வராணி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அட்டைக் காசோலை என்றால் என்ன என்பதையும், முதலில் தாம் எழுதியிருந்த வரி எது என்பதையும், அதைத் தாம் அழித்ததையும் சேர்த்தே சொன்னார்.

வார்டு மேலாளரிடம் பேசி விலகல் கடிதத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று செல்வராணி மெல்லக் கேட்டார். கஸ்தூரி தலையை அசைத்தார். அவருடைய இடத்துக்கு ஏற்கெனவே ஆள் எடுத்தாயிற்று; அந்தப் பெண்ணுக்கு வேலை சொல்லிக்கொடுத்து வருவதே கஸ்தூரிதான். கடைசி வேலை நாளோடு வேலை அனுமதி ரத்தாகும். மறுபடி அங்கே போக வேண்டுமானால், வேறு ஒரு முதலாளி கிடைத்து, அவர் புதிதாக விண்ணப்பித்து, அனுமதி வந்து சேரக் காத்திருக்க வேண்டும்.

காளிதாஸ் எழுந்து சென்று குழாயை மூடிவிட்டு வந்தார். அவர் குரலை உயர்த்தவில்லை.

“அக்கா, நான் உங்க மெசேஜ எங்க துறைமுக ஆளுங்களுக்கெல்லாம் காட்டினேன். இவ்வளவு கொறைய அவங்களே எழுதுறாங்கன்னா, இது நேர்மையான எடம்னு சொன்னேன். கொறையெல்லாம் உண்மையா இருந்துச்சு. அதனால அந்த ஒரு நல்ல விஷயமும் உண்மன்னு நெனச்சோம். சும்மா நல்லது மட்டும் எழுதியிருந்தீங்கன்னா, நான் நூறு கேள்வி கேட்டிருப்பேன்.”

பத்தொன்பது ஆண்டுகள் தொழிற்சாலைகளுக்காக எழுதிய செய்திகளில் எதுவும் இவ்வளவு முழுமையாக ஒருவரை நம்பவைத்ததில்லை என்பது அப்போதுதான் செல்வராணிக்கு விளங்கியது.

தம் சம்பளத்தைச் சேர்த்தால் மூன்று மாதம் நடத்தலாம் என்பதையும் அவர் சொன்னார். செயற்குழு மறுத்துவிட்டது, ஆனாலும் கஸ்தூரி விரும்பினால் மறுபடி போராடிப் பார்ப்பதாகச் சொன்னார். கஸ்தூரி அப்போதுதான் அழத் தொடங்கினார்.

“மூணு மாசம் நான் அந்தத் தாத்தா வீட்டுக்குப் போயி, பொறவு ஒரு நாள், இனிமே வரமாட்டேன் தாத்தான்னு சொல்லணுமாக்கா? என்னால முடியாது. போகாமயே இருந்துர்றேன்.”

கஸ்தூரி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்த் தேநீர் கலந்து எடுத்து வந்தார். வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. செல்வராணி அதைக் குடித்தார். அந்தத் தேநீரைக் குடித்து முடிப்பது தம் வாழ்வில் செய்த கடினமான வேலைகளில் ஒன்று என்று பின்னாளில் அவர் சிந்துஜாவிடம் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி முதல் தேதி கஸ்தூரி வீட்டில் இருந்தார். மகள் மட்டும் மகிழ்ச்சியாக இருந்தாள். அந்த மாத நடுவில் மைவியை வாங்கிய விலைக்குக் குறைவாக விற்றார்கள். செல்வராணி தமக்குத் தெரிந்த தாதிமைப் பணிகளையெல்லாம் விசாரித்தார். ஜொகூர் பாருவில் தனியார் மருத்துவமனை ஒன்றில் இடம் இருந்தது. ஆனால் இரவு வேலை மட்டும். சிங்கப்பூர் முதியோர் இல்லம் ஒன்று கஸ்தூரியை எடுக்கத் தயாராக இருந்தது; முன்பு வாங்கியதைவிடச் சம்பளம் குறைவு. பதினொரு ஆண்டு வேலையைத் திடீரென்று விட்டது ஏன் என்று அவர்கள் கேட்டார்கள். அதற்கு ஒரு கடிதம் தர முடியுமா என்று கஸ்தூரி செல்வராணிக்கு இரண்டு வரியில் எழுதினார்.

ஹேமநாதன் கடிதத்தின் மாதிரி ஒன்றைத் தயாரித்தார். எதிர்பாராத நிதிச் சூழ்நிலை காரணமாகப் பணி வாய்ப்பு திரும்பப் பெறப்பட்டது என்று அதில் இருந்தது. தவறில்லாத வாக்கியம், எல்லா நிறுவனங்களும் எழுதுவது. செல்வராணி அதை ஒதுக்கிவைத்துவிட்டு, வேறு கடிதம் எழுதினார். இந்தத் தாதி எங்களிடம் வேலைக்கு வருவதற்காகத் தம் பழைய வேலையிலிருந்து விலகினார். எங்களிடம் இரண்டு ஆண்டுக்கு நிதி இருப்பதாக நான் அவருக்கு எழுதினேன். நிதி எங்களுக்கு வந்திருக்கவில்லை. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை; நான் எழுதியதை நம்பியது தவிர. இப்படி எழுதி, கையொப்பமிட்டு, ஹேமநாதன் முன் வைத்தார். நிறுவனத்துக்கு இது கெட்ட பெயரைத் தரும் என்று ஹேமநாதன் தயங்கினார். பிறகு பேனாவை எடுத்து, செல்வராணியின் பெயருக்குக் கீழே தம் பெயரையும் எழுதினார்.

மார்ச் மாதத்தில் வீரமுத்து இறந்தார். சிந்துஜாவின் சுற்று வருவதற்கு எட்டு நாள் இருந்தது. கடைசி இரண்டு நாளும் மருந்து தொண்டையில் இறங்கவில்லை என்றும், யாரைக் கேட்பது என்று தெரியவில்லை என்றும் மருமகள் தொலைபேசியில் சொன்னார். அந்த அழைப்பை எடுத்தவர் செல்வராணி. யாரைக் கேட்டிருக்க வேண்டும் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. துக்கத்துக்குச் சிந்துஜாவோடு அவரும் பாலோவுக்குப் போய் வந்தார். கஸ்தூரிக்கு இதைத் தெரிவிப்பதா வேண்டாமா என்று இரண்டு நாள் குழம்பி, தெரிவிப்பதில்லை என்று முடிவு செய்தார். அந்த அழித்த வரிக்குப் பிறகு, அவர் வேண்டுமென்றே எழுதாமல் விட்ட செய்தி அது ஒன்றுதான்.

ஏப்ரலில் கஸ்தூரிக்கு வேலை அனுமதி வந்தது. மறுபடி அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டுக் கடலைக் கடக்கத் தொடங்கினார். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. மேல்மாடியில் அப்போது செல்வராணி மட்டும் இருந்தார்.

“லெட்டர் ரொம்ப உதவியா இருந்துச்சு, அக்கா. அத அவங்க ரெண்டு தடவ படிச்சாங்களாம். உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா இனிமே எனக்கு வேல மெசேஜ் எதுவும் அனுப்பாதீங்க. அனுப்புனா நான் நம்பிருவேன்.”

செல்வராணி அதை ஒருமுறைதான் படித்தார். பிறகு கணினியில் தாதியர் பட்டியலைத் திறந்து, கஸ்தூரியின் பெயர் இருந்த வரிசையைத் தேடி, அதை நீக்கினார். பட்டியலில் இருபத்திரண்டு பேர் மிஞ்சினார்கள். பாலோவுக்கு இன்னும் ஒரு தாதி தேவைப்பட்டார்.